கண் மாத்திரைதானே என்று விட்டால்: அசெட்டசோலமைடில் நடக்கும் தவறுகள்

நேபாள மலையில் இருக்கும் முக்திநாத்துக்கு யாத்திரை கிளம்புகிறவர்கள் பாளையங்கோட்டையில் என்னிடம் வந்து, உயரத்தில் வரும் தலைவலி, வாந்திக்கு முன்கூட்டியே போட டயமாக்ஸ் கேட்பார்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுப்பதும் அதே அசெட்டசோலமைடு மாத்திரைதான். இருபது வருடங்களுக்கு முன்பு அதில் நான் செய்த தவறை, என்னிடம் பயிற்சிக்கு இருக்கும் இளம் டாக்டர் ஒருவர் போன வாரம் அப்படியே செய்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணுக்குக் கொடுத்தது கண்ணோடு நிற்கும் என்று நினைப்பது

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுபத்திரண்டு வயது விவசாயி ஒருவரை ராத்திரி கொண்டுவந்தார்கள். பல வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மறுபடி தூங்கிவிடுகிறார். பக்கவாதமோ என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தேன், ஒன்றுமில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு மகள், "சுகர் மாத்திரை, அப்புறம் கண்ணு மாத்திரை மட்டுந்தான் சாப்பிடுதாவ சார்" என்றார். கண் மாத்திரை என்றதும் அதை நான் காதோடு விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க வீணாயிற்று.

காலையில் கட்டிலோரம் நின்று பார்த்தபோதுதான் அவர் மூச்சு கண்ணில் பட்டது. ஓடி வந்தவர் இழுப்பது போல ஆழமான மூச்சு. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. இப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தோம். அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 11, குளோரைடு 118, சோடியம் 138. சிறுநீரகம் கெட்டிருப்பதைக் காட்டும் கிரியாட்டினின் 3.2. சோடியத்திலிருந்து பைகார்பனேட்டையும் குளோரைடையும் கழித்தால் 9, அதாவது சாதாரண அளவு. கீட்டோன் போன்ற வேற்று அமிலம் சேர்ந்திருந்தால் இந்த மிச்சம் பெருகியிருக்கும். இவருக்கு வேற்று அமிலம் வந்து சேரவில்லை, பைகார்பனேட்தான் கசிந்து போயிருக்கிறது. பேதி இல்லை. அப்படியென்றால் சிறுநீரில்தான் போகிறது. மகள் பையைக் கவிழ்த்துக் காட்டினார்: அசெட்டசோலமைடு 250 மி.கி., ஒரு நாளைக்கு நாலு. அறுவை சிகிச்சை வரை சில நாளைக்கென்று கொடுத்தது. அது தள்ளிப்போனதால் கடையில் வாங்கி வாங்கி மூன்று வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. கண்ணுக்குள் நீர் சுரக்க அந்த நொதி வேண்டும்; தடுத்தால் சுரப்பு குறைந்து அழுத்தம் இறங்கும். ஆனால் சிறுநீரகக் குழாயின் தொடக்கத்தில், வடிகட்டி வந்த பைகார்பனேட்டை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவதும் அதே நொதிதான். அங்கேயும் தடை விழுந்தால் பைகார்பனேட் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இது ஒரு மட்டத்தில் நின்றுவிடும், ஏனென்றால் ரத்தத்தில் பைகார்பனேட் குறையக் குறைய வடிந்து வருவதும் குறையும். கெட்ட சிறுநீரகத்தில் கதை வேறு. உடம்பில் தினமும் உண்டாகும் அமிலத்தையே அது வெளியேற்றத் திணறும். மருந்தும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் அதுவும் உடம்பில் தேங்கும்.

மாத்திரையை நிறுத்தி, பைகார்பனேட் ஏற்றி, ஒருமுறை டயாலிசிஸ் செய்தோம். மூன்றாம் நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் அழுத்தத்தைச் சொட்டு மருந்தில் கட்டுப்படுத்தினார்கள்.

முதல் மாத்திரைக்கு முன்பு ஒரு கிரியாட்டினின் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. வயதானவர், சர்க்கரைக்காரர் என்றால் பார்க்காமல் கொடுக்காதீர்கள். சீட்டில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். மருந்து கேட்கும்போது, "கண்ணுக்கு விழுங்குகிற மாத்திரை உண்டா?" என்று தனியாகக் கேளுங்கள்.

மலையில் உதவுவது வேறு வேலை என்று நினைப்பது

அதே வேலைதான். 3,700 மீட்டருக்கு மேல் இருக்கும் முக்திநாத்தில் காற்று மெலிந்திருப்பதால் வேகமாக மூச்சு விடுவோம். கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரமாகும். உடனே மூளை மூச்சை அடக்கும், அதிலும் தூக்கத்தில். பைகார்பனேட்டைக் கழித்து இதைச் சரிசெய்யச் சிறுநீரகத்துக்குச் சில நாள் ஆகும். மாத்திரை அதை முந்தியே செய்கிறது. விவசாயியைப் படுக்க வைத்த அமிலம், இங்கே சிறிய அளவில், மூச்சைத் தூண்டிவிடுகிறது. அதனால் 125 மி.கி. இருவேளை போதும். ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும்.

மாத்திரை போட்டாயிற்று, ஏறலாம் என்பது

தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும்.

விரலில் ஊசி குத்துகிறது என்று பயப்படுவது

மருந்தால் வருவதுதான். சோடா சப்பென்று இருப்பதும் அப்படியே.

மாஞ்சோலைக்கும் கொடைக்கானலுக்கும் போடுவது

அந்த உயரத்துக்கு வேண்டாம்.

மிச்ச மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுப்பது

போன வருடம் ஒருவர், அக்கா கண்ணுக்கு வாங்கியதில் மிஞ்சிய அட்டையோடு யாத்திரைக்கு வழி கேட்டு வந்தார். பார்த்தால் அவருக்கும் கிரியாட்டினின் 2.6. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, சுமார் 2,700 மீட்டரில் இருக்கும் ஜோம்சோமில் இரண்டு ராத்திரி தங்கி, அதன் பிறகு மேலே போகச் சொன்னேன். போய்விட்டு வந்து சாளக்கிராமத்தைக் காட்டினார்.