வெளிநாட்டுப் படிப்புக் கடன்: சலுகைக் காலத்தில் விடும் பிழைகள்

வட்டியும் நின்றுவிட்டது என்று நினைப்பது

கிளிநொச்சியில், முல்லைத்தீவில் கடன் எடுக்கும் குடும்பங்களில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. அதைப் பார்க்கும்போது எரிச்சல் இன்னும் குறையவில்லை. "படிச்சு முடியுமட்டும் கட்டத் தேவையில்லை" என்று வங்கியில் சொன்னால், அது தவணைக்கு மட்டுந்தான். வட்டி கடன் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடுகிறது. கட்டாத வட்டி முதலோடு சேர, அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி விழுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். 30 இலட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 14 வீதம், 24 மாதச் சலுகை, பிறகு 60 தவணை. முதல் மாத வட்டி மட்டும் 35,000. மாதாமாதம் அது முதலோடு சேர்ந்தால் இரண்டு வருட முடிவில் கடன் சுமார் 39 இலட்சத்து 63 ஆயிரம். தகப்பன் 30 இலட்சத்துக்குக் கணக்குப் போட்டு மாதம் 70,000 என்று நினைத்திருப்பார். கடிதத்திலோ சுமார் 92,000 என்று இருக்கும். பிள்ளைக்கு வேலை கிடைக்காத முதல் மாதங்களில் அந்த 22,000 வீட்டின் மேல்தான் விழும்.

இதற்கு வழி இருக்கிறது. சலுகைக் காலத்தில் இடையிடையே கட்டலாமா, அதற்குத் தண்டப்பணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் கேளுங்கள். காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் நெல் விற்ற காசில் ஆறு மாதத்துக்கு ஒரு இலட்சம் கட்டினாலே, நாலு தடவையில் கடன் சுமார் 35 இலட்சத்து 18 ஆயிரத்தோடு நிற்கும். தவணையும் 82,000 அளவுக்கு இறங்கும். கட்டிய காசு வட்டியில் கழிந்ததா என்று ஒவ்வொரு முறையும் கணக்கறிக்கையில் பாருங்கள்.

முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுப்பது

அதே 30 இலட்சத்தை ஆறு மாதத்துக்கு ஏழரை இலட்சமாக நாலு தடவை எடுத்தால், முடிவில் கடன் சுமார் 35 இலட்சத்து 81 ஆயிரம். ஆனால் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் என்பதால் ரூபாய் விழுந்தால் இந்த இலாபம் போய்விடும். 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது. ஒரு பகுதிக் கட்டணத்தையாவது முன்கூட்டி அனுப்புவது நல்லது.

பெர்மிட் காணியை நம்பிப் போவது

எல்லா வங்கியும் அதை ஈடாக எடுக்காது. பல்கலைக்கழகத்துக்கு முற்பணம் அனுப்ப முன்னர் கேளுங்கள்.

இறுதித் தவணைத் திட்டத்தை வாசிக்காமல் ஏற்பது

சலுகை முடியும்போது வரும் அட்டவணையில் மூன்று இடம் பாருங்கள்: தொடக்க நிலுவை, முதல் தவணைத் திகதி, வட்டி மாறினால் தவணைத் தொகை கூடுமா அல்லது மாதங்கள் கூடுமா. சலுகைக் காலம் பெரும்பாலும் கடன் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படும். பிள்ளை ஒரு பாடத்தில் தவறிப் படிப்பு சில மாதங்கள் பிந்தினால், பட்டம் வர முன்னரே முதல் தவணை வந்துவிடும். நீடிப்புக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் சான்றோடு அதற்கு முன்னரே வங்கியில் கொடுத்து, கொடுத்ததற்குத் திகதி முத்திரை வாங்குங்கள்.