கடை திறக்காமல் ஒரு தொழில்: டிரில்லிங் மெஷின் வாடகைக்கு விடுவது எப்படி?

மாதத்தில் பாதி நாள் நான் தண்டையார்பேட்டையில் இருக்க மாட்டேன். கம்ப்ரஸர் சர்வீஸ் வேலை. திங்கட்கிழமை தூத்துக்குடி என்பார்கள், புதன்கிழமை அங்கிருந்தே ஓசூர் போ என்பார்கள். இப்படிப்பட்டவன் என்ன தொழில் செய்ய முடியும் என்று கேட்டால், எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னது கருவாடு. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறதே! ஆனால் காயப்போட்டதைப் புரட்டிப்போட ஆள் வேண்டும், மழை வந்தால் அள்ளி உள்ளே வைக்க ஆள் வேண்டும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. இட்லி மாவு அதைவிட மோசம். ஒரு நாள் நான் இல்லையென்றால் புளித்துவிடும்.

கடைசியில் எல்லா யோசனையையும் ஒரே கேள்வியில் வடிகட்டினேன். நான் ஊரில் இல்லாத பத்து நாள் இந்தப் பொருள் சும்மா கிடந்தால் கெட்டுப்போகுமா? கெடாது என்று மிஞ்சியது டிரில்லிங் மெஷின் வாடகை. இரண்டு வருடமாக ஓடுகிறது. நான் தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: இரண்டு மெஷின், ஒரு ஏணி. அதற்கு மேல் வேண்டாம்

ஆரம்பத்தில் 13 மி.மீ. இம்பேக்ட் டிரில் ஒன்று, வாலில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட் மாட்டுகிற ரோட்டரி ஹேமர் ஒன்று, ஆறடி அலுமினிய ஏணி ஒன்று போதும். பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இரண்டு மெஷினுக்கும் சேர்த்து எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. பேட்டரி மெஷின் வாங்காதீர்கள். பேட்டரி தேய்ந்தது யாரால் என்று வாடிக்கையாளரிடம் நிரூபிக்கவே முடியாது. ஒயர் வைத்த மெஷின்தான் வாடகைக்கு லாயக்கு. சுற்றுகிற காயிலுக்குக் கரண்டு கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே திருகிக் கழற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்பது படி 4-ல் வரும்.

படி 2: “எங்க ஓட்டை போடப் போறீங்க?”

என் முதல் மெஷினைக் கொன்றது இந்தக் கேள்வியைக் கேட்காததுதான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் புதிதாகக் குடி வந்த ஒருவர், “ஸ்கிரீன் மாட்டணும், நாலு ஓட்டைதான் சார்” என்று கேட்டார். நாலு ஓட்டைதானே என்று 200 ரூபாய்க்குச் சின்ன இம்பேக்ட் டிரில்லைக் கொடுத்தேன். மறுநாள் காயில் எரிந்த வாடையோடு வந்தது.

அவர் மேல் தப்பு இல்லை. ஸ்கிரீன் கம்பி எங்கே மாட்டுவோம்? ஜன்னலுக்கு மேலே. அங்கே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல் கான்கிரீட். இம்பேக்ட் டிரில்லுக்குள் இரண்டு பல் சக்கரம் ஒன்றின் மேல் ஒன்று உரசித்தான் அடி விழுகிறது. அதாவது நாம் அழுத்தினால்தான் அது அடிக்கும். செங்கல் சுவரில் லேசாக அழுத்தினாலே போதும். கான்கிரீட்டில் உள்ளே இறங்காது. இறங்கவில்லையே என்று ஆள் இன்னும் அழுத்துவார். சுற்றுவது மெதுவாகும், மெஷினைக் குளிரவைக்கிற ஃபேனும் அதே தண்டில்தான் இருப்பதால் அதுவும் மெதுவாகும், கரண்டு மட்டும் கூடுதலாக இழுக்கும். பத்து நிமிடத்தில் ஆர்மேச்சர், அதாவது உள்ளே சுற்றுகிற காயில், போய்விடும்.

ரோட்டரி ஹேமர் வேறு சாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளிப் பிட்டின் பின்னால் அடிக்கிறது. கையால் பலமாக அழுத்தத் தேவையில்லை, லேசாக அழுத்தி நேராகப் பிடித்தால் போதும். லிண்டல், பீம், தளம் எதுவானாலும் இதுதான்.

இப்போது யார் கேட்டாலும் முதல் பதில் இந்தக் கேள்விதான். ஜன்னலுக்கு மேலே, சீலிங் என்றால் ரோட்டரி ஹேமர், நாள் வாடகை 350. சாமி படம், கண்ணாடி, ஷெல்ஃப் என்று செங்கல் சுவர் வேலை என்றால் சின்னது, 200. டைல்ஸ் பெயர்க்க என்றால் கிடையாது. ஒரு நாள் டைல்ஸ் பெயர்த்தால், வீட்டுக்காரர் ஆறு மாதம் ஓட்டுவதை அது ஒரே நாளில் ஓட்டிவிடும்.

ராயபுரம் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, மேல்தளத்தில் ஓட்டை என்றாலும் நான் கொடுப்பதில்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செருகிக் கட்டிய தளம் அது. ஹேமர் அடித்தால் செங்கல் ஆடும்.

படி 3: கடை நேரம் உங்களுக்கு இல்லை, பக்கத்துக் கடைக்கு இருக்கிறதே

முதலில் மாடிப்படி அடியில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு நம்பர் பூட்டு என்று ரொம்ப நவீனமாக ஆரம்பித்தேன். வாட்ஸ்ஆப்பில் நம்பர் அனுப்பினால் அவர்களே திறந்து எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கடல் காற்றில் பூட்டு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது ஒன்று. ஒருவருக்குக் கொடுத்த நம்பரை மாற்ற நான் ஊரில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, போன மாத வாடிக்கையாளர் பழைய நம்பரிலேயே ஏணியை எடுத்துப்போய், வேலை முடிந்த பிறகு சாவகாசமாகச் சொன்னார். நல்லவராக இருந்ததால் சொன்னார்.

இப்போது மெஷின்கள் இருப்பது தெருமுனை ஜெராக்ஸ் கடையில். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பதரை வரை கடைக்கார அக்கா இருப்பார், கடையில் பிளக் பாயிண்ட் இருக்கிறது. மளிகைக் கடையைவிட இது தேவலை, மாலை நேரத்தில் அங்கே மெஷினைப் பார்த்து வாங்க யாருக்கும் பொழுது இருக்காது. வாடகையில் பத்தில் ஒரு பங்கு அக்காவுக்கு. “இதுக்கெல்லாம் எதுக்குப்பா காசு” என்றுதான் முதலில் சொன்னார். வற்புறுத்திக் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் மூன்றாவது மாதம் சலிப்பு வந்துவிடும்.

பணத்தை அக்கா தொடவே மாட்டார். வாடகையும் முன்பணமும் என் யூபிஐ-க்கு வரும். சின்ன மெஷினுக்கு 1,500, பெரியதற்கு 3,000 முன்பணம். பணம் வந்ததும் நான் அக்காவுக்கு “கொடுத்துடுங்க” என்று குரல் பதிவு அனுப்புவேன். அடையாளத்துக்கு ஆதார் நகல் வாங்கிக் குவிக்காதீர்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் காட்டினால் போதும், அல்லது ஓட்டுநர் உரிமம்.

பதிவுக்கு எக்செல் எல்லாம் வைத்துப் பார்த்தேன், ரயிலில் உட்கார்ந்து திறக்கவே முடியவில்லை. வாட்ஸ்ஆப் பிசினஸும் கூகுள் காலண்டரும் போதும். ஒரு மெஷினுக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். அக்காவுக்கு மட்டும் கடைச் சுவரில் தினசரி நாள்காட்டி. எழுதி வைத்தால்தான் அவருக்கு நம்பிக்கை.

படி 4: திரும்ப வாங்கும்போது பத்து நொடி

சண்டை எல்லாம் இங்கேதான் வரும். “நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்பதற்குப் பதில் நம்மிடம் இருக்காது.

அதனால் கொடுக்கும்போது ஒரு முறை, வாங்கும்போது ஒரு முறை, அக்கா பிளக்கில் சொருகி பத்து நொடி ஓடவிட்டு வீடியோ எடுப்பார். கேமரா காற்றோட்ட ஓட்டைக்கு நேராக இருக்க வேண்டும், முடிந்தால் நிழலில். பிரஷ் தொடும் இடத்தில் சின்னதாக நீலப் பொறி தெரிந்தால் அது இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு வளையமாக முழுச் சுற்றும் ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு. கொடுத்தபோது இல்லாத வளையம் திரும்பும்போது இருந்தால், முன்பணத்தில் பேச வேண்டியதுதான். எரிந்த வாடை வீடியோவில் வராது, அதை அக்கா வாயால் சொல்லிப் பதிவு செய்வார்.

மெஷின் விட்டுவிட்டு ஓடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியதும் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் பிரஷ் முகம் படிந்துவிடும். இதற்கு மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.

சீலிங்கில் ஓட்டை போட்டுவிட்டுத் திரும்பும் மெஷினுக்குள் சிமென்ட் தூள் கொட்டியிருக்கும். ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஊதிச் சுத்தம் செய்து, எஸ்டிஎஸ் பிட்டின் வாலில் துளி கிரீஸ் தடவி வைப்பேன். ஊரில் இருக்கும்போது நான் செய்கிற வேலை மொத்தமே இதுதான்.

போன ஆவணி மாதக் கணக்கு

ரோட்டரி ஹேமர் 11 நாள், 3,850. சின்னது 9 நாள், 1,800. ஏணி 6 நாள், நூறு வீதம் 600. மொத்தம் 6,250. இதில் பிட் வாங்கியது 540, கார்பன் பிரஷ் 120, அக்கா பங்கு 625. கையில் நின்றது 4,965. அந்த மாதம் நான் ஊரில் இருந்தது பன்னிரண்டு நாள்.

ஆவணி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள். வீடு மாறாவிட்டால் ஸ்கிரீன் கம்பி ஏது? ஆடியில் எனக்கு 1,400 ரூபாய்கூட வரவில்லை. ஆவணி, தை இரண்டையும் நம்பித்தான் மெஷின் வாங்க வேண்டும். கடன் வாங்கி ஆடியில் ஆரம்பிக்காதீர்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. வாடகைக்கு விடுவது சேவைக் கணக்கில் வரும், ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. ஆனால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இனி உங்களுக்கு ஆகாது, தொழில் வருமானம் சேர்ந்துவிட்டதே. உத்தேச வருமானக் கணக்கில் ஐடிஆர்-4 போடலாமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் கூடாது என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை

கமெண்டில் ஒருவர், “பிட் சுற்றுகிறது, ஆனால் ஓட்டை விழவில்லை என்று வாடிக்கையாளர் போன் செய்கிறார், நான் பஸ்ஸில் இருக்கிறேன், என்ன சொல்வது?” என்று கேட்டிருந்தார். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, சுவிட்சு ரிவர்ஸில் இருக்கிறதா. எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். இரண்டு, மெஷினில் மோடு மாற்றும் குமிழ் சுத்தியல் படம் போட்ட இடத்தில் இருக்கிறதா. இரண்டும் சரியாக இருந்து, ஒரு அங்குலம் இறங்கியபின் டக்கென்று நின்றால், உள்ளே கம்பி. அழுத்த வேண்டாம், அரை அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பழைய ஓட்டையைப் பட்டியால் மூடிவிடலாம்.

இன்னொருவர் ஆயுத பூஜை அன்று வாடகைப் பதிவு எடுக்கலாமா என்று கேட்டார். நான் எடுத்தேன். அக்கா மெஷினைத் தரவில்லை. பொட்டு வைத்து, பூ சாத்தி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். வாடகையைத் திருப்பி அனுப்பினேன்.