விடுபட்ட வாக்கியங்களைக் கட்டுரையில் சரியான இடத்தில் பொருத்துவது எப்படி?

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்கா மகள் கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் வாசிப்புத் தாளின் 6-வது பகுதி இதுதான்: ஒரு கட்டுரையிலிருந்து 6 வாக்கியங்களை உருவி எடுத்துவிட்டு, 7 வாக்கியங்களைக் கீழே கொடுத்திருப்பார்கள். ஒன்று உபரி. ஒவ்வொரு சரியான விடைக்கும் 2 மதிப்பெண். மற்ற பகுதிகளில் நன்றாகச் செய்பவள் இதில் மட்டும் திணறினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். முறை பிடிபடுவதற்காக உதாரணத்தைத் தமிழிலேயே, நம் ஊர்த் தண்ணீரை வைத்தே அமைத்திருக்கிறேன். 4 இடைவெளி, 5 வாக்கியம்.

கட்டுரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். (1)______ அதனால் சோதனை செய்யாமல் கண்டுபிடிக்க முடியாது. இந்த நீரையே குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. (2)______ அப்போது முதுகும் மூட்டுகளும் இறுகி, குனிந்து நிமிர்வதே சிரமமாகிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. (3)______ ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். கடைசியில், ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு உருவானது. (4)______ அதற்கு முன்பே பல்லில் கறை படிந்தவர்களுக்கு அந்தக் கறை மறையவில்லை.

வாக்கியங்கள்

அ. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது.
ஆ. ஆனால் அப்படிச் செய்தால் கிருமிகள்தான் சாகும்.
இ. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.
ஈ. பெரியவர்களான பிறகும் அதையே குடித்துவந்தால் பாதிப்பு எலும்பு வரை போகிறது.
உ. ஆனால் இவை இரண்டும் பார்வைக்குத்தான் குறை, வலி தருவதில்லை.

படி 1: இடைவெளிகளை விட்டுவிட்டுப் படியுங்கள்

கீழே உள்ள வாக்கியங்களைப் பார்க்காமல் கட்டுரையை மட்டும் ஒருமுறை படியுங்கள். எந்தப் பேச்சு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும். இங்கே தண்ணீர், பல், எலும்பு, கொதிக்க வைப்பது, திட்டம் என்று போகிறது.

படி 2: வாக்கியங்களில் கொக்கிகளைக் கோடிடுங்கள்

தனியாக நிற்க முடியாமல் வேறொன்றைச் சுட்டும் சொல்தான் கொக்கி. அ-வில் ‘அது’. ஆ-வில் ‘ஆனால்’, ‘அப்படிச் செய்தால்’. இ-யில் ‘அதற்கு’. ஈ-யில் ‘பிறகும்’, ‘அதையே’. உ-வில் ‘ஆனால்’, ‘இவை இரண்டும்’.

ஒவ்வொரு கொக்கியும் என்ன கேட்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘அப்படிச் செய்தால்’ என்றால் முந்தைய வாக்கியத்தில் ஒரு செயல் இருக்க வேண்டும். ‘இவை இரண்டும்’ என்றால் சரியாக இரண்டு பொருள்கள் வேண்டும். ‘அது’ ஒருமை, ‘இவை’ பன்மை. ஆங்கிலத்தில் ‘தே’ என்பது ஆட்களையும் குறிக்கும், பொருள்களையும் குறிக்கும். அதனால் அங்கே முந்தைய வாக்கியத்தில் இருக்கும் எல்லாப் பன்மைப் பெயர்களையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பென்சில்தான் சரி. ஹைலைட்டர் அடித்தால் ஐந்து நிமிடத்தில் தாள் முழுக்க மஞ்சளாகி எதுவுமே தனியாகத் தெரியாது. செல்போனில் பயிற்சி எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. கட்டுரை மேலே போனால் வாக்கியங்கள் கீழே ஒளிந்துகொள்ளும். ஜெராக்ஸ் எடுத்து உட்காருங்கள்.

படி 3: இடைவெளிக்குப் பின்னால் வரும் வாக்கியத்தைப் பாருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். இடைவெளிக்கு முன்னால் இருப்பதோடு பொருந்திவிட்டால் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். உபரி வாக்கியத்தைத் தயாரிப்பவரும் அதை எதிர்பார்த்தே வலை விரிக்கிறார்.

இரண்டாவது இடைவெளியில் அக்கா மகள் உ-வைப் போட்டாள். முன்பக்கம் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. வெள்ளைத் திட்டுகள், பழுப்புக் கறைகள் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன, ‘இவை இரண்டும்’ கச்சிதமாக உட்காருகிறது. இப்போது அடுத்த வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள்: “வலி தருவதில்லை. அப்போது முதுகும் மூட்டுகளும் இறுகி...” எப்போது? உ-வில் ஒரு காலமும் இல்லை, நிபந்தனையும் இல்லை. பல்லிலிருந்து முதுகுக்குத் தாவ வழியும் இல்லை. ஈ-யைப் போட்டுப் பாருங்கள். ‘பெரியவர்களான பிறகும்’ என்பது குழந்தைகளோடு ஒட்டுகிறது, ‘அதையே’ அந்த நீரைச் சுட்டுகிறது, ‘அப்போது’க்குக் காலம் கிடைக்கிறது, எலும்பு என்ற பேச்சு முதுகுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ஆகவே, கட்டுரையில் ஒவ்வொரு இடைவெளிக்கும் அடுத்த வாக்கியத்திலும் கொக்கியைக் கோடிடுங்கள். இங்கே அவை ‘அதனால்’, ‘அப்போது’, ‘அதற்கு முன்பே’. மூன்றாவது இடைவெளிக்குப் பின்னால் மட்டும் கொக்கி இல்லை. இடைவெளிக்கு முன்னால் இருப்பது, நீங்கள் பொருத்தியது, பின்னால் வருவது என்று மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்து, சுட்டும் சொல் வரும் இடத்தில் “எது?” என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் விடை தவறு.

படி 4: எளிதானதை முதலில் பொருத்துங்கள்

1, 2 என்று வரிசையாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காவதில் ‘அதற்கு முன்பே’ என்று வருவதால் ஒரு காலக்குறிப்பு வேண்டும். அ மட்டும்தான் ஆண்டு சொல்கிறது. ‘அது’ என்பது திட்டம். முடிந்தது. முதலாவதற்கு இ: நிறமும் மணமும் இல்லை, அதனால் சோதனை தேவை, காரணமும் விளைவும் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாவதற்கு எதிர்ப்பு வேண்டும் என்பது படித்தவுடனே தெரிகிறது. ஆனால் ‘ஆனால்’ என்று தொடங்குபவை இரண்டு. இணைப்புச் சொல் போட்டியில் இருக்கும் வாக்கியங்களைக் குறைத்துக் கொடுக்கும். முடிவு சொல்வது சுட்டுச்சொல்தான். கொதிக்க வைப்பது ஒரு செயல், எனவே ‘அப்படிச் செய்தால்’ என்ற ஆ பொருந்துகிறது. உ கேட்கும் இரண்டு பொருள்கள் அங்கே இல்லை. மிஞ்சிய உ-வைக் கடைசியாக எல்லா இடத்திலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எங்கேயாவது இரண்டு பக்கமும் ஒட்டினால் உங்கள் விடையில் ஏதோ பிசகு.

பின்சேர்க்கை: சுட்டுச்சொல்லும் இல்லை, இணைப்புச் சொல்லும் இல்லை, அப்படிப்பட்ட வாக்கியத்தை என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பெயரைப் பாருங்கள். கட்டுரையில் ஒருவர் முதல்முறை வரும்போது முழுப்பெயரும் அவர் யார் என்பதும் இருக்கும். அப்புறம் பெயரின் ஒரு பகுதி மட்டும் வரும். சுருக்கப் பெயர் உள்ள வாக்கியம் அறிமுகத்துக்கு முன்னால் வராது. அதுவும் இல்லையென்றால் ஒரே பொருளை வேறு சொல்லில் சொல்லியிருப்பார்கள்: முன்னால் ‘போர்வெல்’ என்றால் இங்கே ‘ஆழ்துளைக் கிணறு’ என்று இருக்கும். ஆனால் ஒரே சொல் அப்படியே இரண்டு இடத்திலும் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உபரி வாக்கியத்தில் அதைத் தூண்டிலாகவும் வைப்பார்கள்.