செலவு மீளளிப்பு விதிகளை எழுதுவது எப்படி? ஒரு நெடுந்தீவுப் பயணத்தை வைத்துப் பார்ப்போம்

யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கள உத்தியோகத்தர் ஒருவர் மார்ச் 4ஆம் திகதி நெடுந்தீவுக்குப் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்புகிறார். பஸ்ஸுக்கும் படகுக்கும் 460 ரூபாய், தீவுக்குள் ஓட்டோவுக்கு 3,500, தங்குமிடம் 4,000, சாப்பாடு முதல் நாள் 1,800, இரண்டாம் நாள் 1,100. மொத்தம் 10,860 ரூபாய். இதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? உங்கள் விதியை இரண்டு பேர் தனித்தனியே வாசித்து ஒரே தொகையைச் சொன்னால் அது சரியாக எழுதப்பட்டிருக்கிறது. (இங்குள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்.)

முதலில் உச்சவரம்பு

“சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வழங்கப்படும்” என்று எழுதினால், 600 ரூபாய்க்குச் சாப்பிட்டவரும் 1,500 கேட்கலாம். அது தவறல்ல, நீங்கள் எழுதியதே அப்படித்தான். செலவு எவ்வளவானாலும் ஒரே தொகையைப் படியாகக் கொடுக்க நினைத்தால் அப்படியே விடுங்கள். செலவானதை மட்டும் கொடுப்பதென்றால் இப்படி எழுதுங்கள்:

> “சாப்பாட்டுக்கு உண்மையில் செலவான தொகை, நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மீளளிக்கப்படும். ஒவ்வொரு நாளும் தனியாகக் கணக்கிடப்படும். ஒரு நாளின் மீதி மற்ற நாளுக்குச் சேராது.”

இரண்டாவது வசனம் இல்லாவிட்டால் நம் உத்தியோகத்தர், “இரண்டு நாளுக்கு 3,000, நான் செலவழித்தது 2,900தானே” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வசனம் இருந்தால் முதல் நாளில் 300 ரூபாய் கழியும்.

பற்றுச்சீட்டு

அதிகம் சண்டை வருவது இங்கேதான். “எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு கட்டாயம்” என்ற ஒரு வரியை எழுதிவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் தனியார் மினிபஸ்ஸில் பல நேரம் சீட்டுத் தருவதில்லை, ஓட்டோக்காரரிடம் பில் புத்தகம் இருக்காது. விதி நடக்க முடியாததைக் கேட்டால், நேர்மையான ஆள்கூடக் கடையில் வெற்றுப் பில் வாங்கித் தானே நிரப்பத் தொடங்குவார். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் ஒரே கையெழுத்தில் மூன்று கடைகளின் பில்களைக் கண்டபோதுதான் இது எனக்கு உறைத்தது. ஆகவே சீட்டுக் கிடைக்காத இடத்துக்கும் ஒரு வழியை எழுதிவையுங்கள்:

> “பற்றுச்சீட்டில் திகதி, விற்பவரின் பெயர், வாங்கியது, தொகை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். சீட்டுத் தராத பஸ், படகுச் செலவுகளுக்கு, ஒரு பயணத்துக்கு மொத்தம் 500 ரூபாய் வரை, கோருபவர் கையொப்பமிட்ட விவரம் போதும். ஓட்டோவுக்கு வாகன இலக்கம், புறப்பட்ட இடம், சென்ற இடம், தொகை ஆகியவற்றை எழுதிச் சாரதியின் கையொப்பம் பெற வேண்டும்.”

“ஒரு பயணத்துக்கு மொத்தம்” என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் 900 ரூபாய்ச் செலவு இரண்டு 450களாக வரும். இன்னொன்று: மெஷினில் வரும் வழவழப்பான பில் வெப்பத்தில் அச்சாவது. எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தால் எழுத்து அழிந்துவிடும். அன்றே போனில் படம் எடுக்க வேண்டும் என்றும், எழுத்து அழிந்த சீட்டோடு அந்தப் படத்தையும் இணைத்தால் ஏற்கப்படும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

யார் கையொப்பமிடுவது

இது சுருக்கம்தான். மேற்பார்வையாளர் பயணம் தேவையானதா என்று பார்ப்பார்; கணக்காளர் சீட்டும் வரம்பும் சரியா என்று பார்ப்பார்; 25,000 ரூபாய்க்கு மேல் என்றால் பணிப்பாளரிடமும் போகும். ஒவ்வொருவருக்கும் மூன்று வேலை நாட்கள். பலர் மறப்பது பணிப்பாளரின் சொந்தச் செலவை. “தன் செலவையோ தனக்கு மேலுள்ளவரின் செலவையோ எவரும் அங்கீகரிக்க முடியாது, பணிப்பாளரின் கோரிக்கையை நிர்வாக சபையின் பொருளாளர் அங்கீகரிப்பார்” என்று எழுதினால், பாவம், அந்தக் கணக்காளர் சங்கடத்திலிருந்து தப்புவார்.

தாமதமாக வந்தால்

“30 நாட்களுக்குள்” என்றால் எந்த நாளிலிருந்து? சீட்டின் திகதியா, பயணம் முடிந்த நாளா?

> “பயணம் முடிந்த மறுநாளை முதல் நாளாக எண்ணி 30 நாட்களுக்குள் கோரிக்கையைக் கணக்காளரிடம் ஒப்படைக்க வேண்டும். 31 முதல் 60 நாள் வரை, எழுத்தில் காரணமும் பணிப்பாளரின் அனுமதியும் தேவை. அதன் பின் ஏற்கப்படாது. ஒப்படைத்த நாளைக் கணக்காளர் படிவத்தில் குறித்துக் கையொப்பமிடுவார். அதன் பின்னான தாமதம் கோருபவரைப் பாதிக்காது.”

நம் உத்தியோகத்தர் மார்ச் 5இல் திரும்பினார். மார்ச் 6 முதல் எண்ணினால் 30ஆம் நாள் ஏப்ரல் 4. அவர் ஏப்ரல் 8இல் கொடுத்தால் நான்கு நாள் தாமதம். காரணத்தை எழுதிப் பணிப்பாளரின் அனுமதியும் கிடைத்து, ஓட்டோவுக்குச் சாரதியின் கையொப்பமும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பற்றுச்சீட்டும் இருந்தால், பஸ், படகுச் செலவு 500க்குள் இருப்பதால், முதல் நாள் சாப்பாட்டின் 300 மட்டும் கழிந்து, அவருக்குக் கிடைப்பது 10,560 ரூபாய்.