சைன், கொசைன் தொடர்: கணக்கு எங்கே தடம் புரள்கிறது

sin x = x − x³/3! + x⁵/5! − x⁷/7! + …

இந்தத் தொடர் x எவ்வளவு பெரிதானாலும் சரியான விடைக்கே ஒருங்கும். பாடநூலில் இதைப் படித்துவிட்டு அப்படியே நிரலாக எழுதுபவர்களுக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருங்கும் என்பது முடிவில்லாத உறுப்புகளையும் முடிவில்லாத தசம இடங்களையும் வைத்துச் சொன்னது. கணினியிடம் இரண்டும் இல்லை.

முதல் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் நடக்கிறது. தொடரில் x ரேடியனில் இருக்க வேண்டும். sin 30° வேண்டுமென்று 30ஐ அப்படியே போட்டால் 30 − 4500 + 202500 − … என்று ஓடும். 30 × π/180 = 0.523599 என்று மாற்றிப் போட்டால் 0.523599 − 0.023925 + 0.000328 = 0.500002. மூன்றே உறுப்பில் வேலை முடிந்தது.

இப்போது உண்மையிலேயே 30 ரேடியனுக்கு சைன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை −0.988032. தொடரில் 30ஐ நேராகப் போட்டால், x²⁹ வரை உறுப்புகள் வளர்ந்துகொண்டே போகும். மிகப் பெரிய உறுப்பு சுமார் 77,600 கோடி. அதன் பிறகுதான் அவை சிறுக்கத் தொடங்கும். இத்தனை பெரிய எண்கள் கூட்டியும் கழித்தும் ஒன்றையொன்று அழித்து, கடைசியில் ஒன்றுக்கும் குறைவான எண் மிஞ்ச வேண்டும். 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 77,600 கோடிக்கு அருகே அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 0.00012. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சேமிக்கப்படுவதே இல்லை. ஆகவே நான்காம் தசம இடத்திலிருந்து விடையை நம்ப முடியாது. இன்னும் ஆயிரம் உறுப்பு கூட்டினாலும் தொலைந்தது திரும்பாது. 32 பிட் எண்ணில் அந்த இடைவெளி 65,536. அங்கே சைன் மதிப்பு ஆயிரக்கணக்கில் வந்தாலும் வியப்பில்லை. சைனையும் கொசைனையும் இதே வழியில் கணக்கிட்டு sin² + cos² எவ்வளவு என்று பாருங்கள். 1 வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தீர்வு, கோணத்தை முதலில் சுருக்குவது. 30ஐ π/2 ஆல் வகுத்தால் 19.0986; அருகிலுள்ள முழு எண் 19. மீதி r = 30 − 19 × 1.5707963268 = 0.1548698. 19ஐ 4ஆல் வகுக்க மீதி 3, எனவே sin 30 = −cos r. இனி கொசைன் தொடர்: 1 − 0.0119923 + 0.0000240 = 0.9880317. குறி மாற்றினால் விடை. இப்படிச் செய்தால் r ஒருபோதும் π/4ஐ, அதாவது 0.785ஐத் தாண்டாது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. π = 3.14 என்று வைத்தால் r = 0.17 ஆகி, விடை −0.98558 என்று வரும். πயில் உள்ள பிழை பாதியாகி 19ஆல் பெருகுகிறது. கோணம் பெரிதாக ஆக, பிழையும் பெரிதாகும். நல்ல நூலகங்கள் π/2ஐ இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கழிப்பது இதற்காகத்தான்.

நிரலில் அடுக்கையும் காரணீயப் பெருக்கத்தையும் தனித்தனியே கணக்கிடுவது வீண்வேலை. 13! = 6227020800; 32 பிட் முழு எண்ணில் அது அடங்காது. முந்தைய உறுப்பிலிருந்தே அடுத்ததை எடுக்கலாம்:

```
def sin_small(r):
    t = s = r
    n = 1
    while abs(t) > 1e-17:
        t *= -r*r / ((n+1)*(n+2))
        s += t
        n += 2
    return s
```

கால்குலேட்டரும் இதைத்தான் செய்கிறது என்று நினைப்பது இன்னொரு தவறு. 1972இல் வந்த ஹெச்பி-35 கோர்டிக் வகை முறையைப் பயன்படுத்தியது. ஜாக் வோல்டர் 1959இல் வெளியிட்ட அந்த முறையில் கோணத்தைச் சிறு சிறு சுழற்சிகளாக உடைத்து, அட்டவணை எண்களைக் கூட்டியும் இலக்கங்களை நகர்த்தியுமே விடை காண்பார்கள். பெருக்கலுக்குத் தனிச் சுற்று இல்லாத சில்லுக்கு அது தோதானது.

கணினி நூலகங்களில் பல்லுறுப்புக்கோவை உண்டு, ஆனால் கெழுக்கள் தொடரின் கெழுக்கள் அல்ல. தொடர் பூஜ்ஜியத்துக்கு அருகே மிகத் துல்லியம், ஓரத்தில் பலவீனம். x¹³ வரை எடுத்தால் π/4இல் பிழை சுமார் 2 × 10⁻¹⁴. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் எழுதிய fdlibm நூலகமும் x¹³ வரைதான் போகிறது. ஆனால் பிழை இடைவெளி முழுக்கப் பரவும்படி கெழுக்களைத் திருத்தியிருப்பதால், தோராயப் பிழை 4 × 10⁻¹⁸க்கும் கீழே நிற்கிறது. அதில் x³இன் கெழு −1.66666666666666324348e-01. எழுத்துப் பிழை போலிருக்கிறதே என்று அதை மட்டும் −1/6 ஆக்கினால், மற்ற கெழுக்களோடு பொருந்தாமல் π/4க்கு அருகே கடைசி இலக்கம் கெட்டுப்போகும்.