மூன்றாம் தொடரின் ஆக்சைடுகளைத் தண்ணீரில் போட்டால் என்ன உருவாகும்? படிப்படியான செய்முறை

சோடியம் முதல் ஆர்கான் வரை உள்ள தனிமங்கள்தான் மூன்றாம் தொடர். (இலங்கைப் பாடநூல்களில் இது மூன்றாம் ஆவர்த்தனம். ஆக்சைடு அங்கே ஒட்சைட்டு.) இடப்பக்கம் கார ஆக்சைடு, நடுவில் ஈரியல்பு ஆக்சைடு, வலப்பக்கம் அமில ஆக்சைடு என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் அலுமினாவைத் தண்ணீரில் போட்டால் pH 7 வருகிறது, மணலைப் போட்டாலும் 7 வருகிறது. அப்படியானால் இரண்டும் நடுநிலை ஆக்சைடுகளா? இல்லை. தண்ணீரில் எதுவும் நடக்காமல் இருப்பது வேறு, நடுநிலையாக இருப்பது வேறு. தொடக்கத்தில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு ஆக்சைடிடமும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். தண்ணீருடன் சேர்ந்தால் என்ன உருவாக வேண்டும்? அது உண்மையில் உருவாகிறதா? உருவாகாவிட்டால் அமிலத்தோடு வினைபுரிகிறதா, காரத்தோடு வினைபுரிகிறதா?

படி 1: என்ன உருவாக வேண்டும் என்று தாளில் எழுதுங்கள்

தனிமத்தின் ஆக்சிஜனேற்ற எண் எவ்வளவோ அத்தனை OH-ஐ அதனுடன் எழுதுங்கள். பிறகு தேவைப்பட்டால் அதிலிருந்து H₂O-வைக் கழியுங்கள்.

```
Na +1 : NaOH
Mg +2 : Mg(OH)2
Al +3 : Al(OH)3
Si +4 : Si(OH)4
P  +5 : P(OH)5  -  H2O  = H3PO4
S  +6 : S(OH)6  - 2H2O  = H2SO4
Cl +7 : Cl(OH)7 - 3H2O  = HClO4
```

P(OH)₅, S(OH)₆ போன்றவை பாட்டிலில் கிடைக்கும் பொருள்கள் அல்ல. விடைக்குப் போக உதவும் ஏணி மட்டுமே. குறைந்த ஆக்சிஜனேற்ற எண்ணுக்கும் இதே வழி. SO₂-இல் கந்தகம் +4, எனவே S(OH)₄-இலிருந்து ஒரு H₂O போனால் H₂SO₃. P₄O₆-இல் பாஸ்பரஸ் +3, எனவே P(OH)₃, அதாவது H₃PO₃. இங்கே ஓர் எச்சரிக்கை: H₃PO₃-இல் மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும், ஒன்று பாஸ்பரஸோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. அது அயனியாக வெளியேறாது. ஆகவே அது இருகாரத்துவ அமிலம். வாய்பாட்டை மட்டும் பார்த்து முக்காரத்துவம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இந்த முறை ‘வினை நடந்தால் என்ன கிடைக்கும்’ என்று மட்டுமே சொல்லும். நடக்குமா என்று சொல்லாது.

படி 2: சோடியமும் மெக்னீசியமும், ஒரே அளவில்

Na₂O-வில் O²⁻ அயனிகள் இருக்கின்றன. தண்ணீரைத் தொட்டதும் ஒவ்வொன்றும் ஒரு நீர் மூலக்கூறிலிருந்து H⁺-ஐப் பறித்து, இரண்டு OH⁻ ஆகிவிடும்.

```
Na2O + H2O -> 2NaOH
MgO  + H2O -> Mg(OH)2
```

0.31 கிராம் Na₂O-வை எடுத்துக்கொள்வோம். மோலார் நிறை 62, எனவே 0.005 மோல். அது தரும் NaOH 0.01 மோல். கரைசலின் பருமனை 100 மி.லி. ஆக்கினால் செறிவு 0.1 M, pH 13.

இப்போது அதே 0.005 மோல் MgO, அதாவது 0.2 கிராம். சமன்பாட்டின்படி இதுவும் 0.01 மோல் OH⁻ தர வேண்டும், pH 13 வர வேண்டும். வருவதோ 10-ஐ ஒட்டித்தான். காரணம், உருவாகும் Mg(OH)₂ தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். 0.2 கிராம் MgO முழுதும் மாறினால் 0.29 கிராம் Mg(OH)₂ கிடைக்கும், ஆனால் 100 மி.லி. தண்ணீரில் கரைவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். மீதி வெண்பொடியாக அடியில் கிடக்கும். சிறிய, இரட்டை மின்சுமை கொண்ட Mg²⁺ அயனி எதிர் அயனிகளை இறுக்கிப் பிடித்திருப்பதே இதற்குக் காரணம்.

Na₂O-வைப் பள்ளி ஆய்வகத்தில் கையாள வேண்டாம். தோலை அரிக்கும் எரிகாரமாக மாறும்போது கடும் வெப்பமும் வெளிவரும். இன்னொன்று: சோடியத்தைக் காற்றில் எரித்தால் பெரும்பகுதி கிடைப்பது Na₂O அல்ல, Na₂O₂ எனும் பெராக்சைடு. அது தண்ணீரில் NaOH-உடன் ஹைட்ரஜன் பெராக்சைடையோ ஆக்சிஜனையோ தரும். குமிழி வந்தால் மேலே எழுதிய சமன்பாடு பொருந்தவில்லை என்று அறியலாம்.

MgO-வைச் செய்து பார்க்கலாம். இரண்டு சோதனைக் குழாய்களிலும் 10 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் 0.2 கிராம் MgO பொடி போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். இரண்டிலும் இரண்டு சொட்டு பினாப்தலீன் விடுங்கள். வெறும் தண்ணீர் நிறமற்றே இருக்கும். MgO போட்ட குழாயில் இளஞ்சிவப்பு வரும், பொடியைச் சுற்றி நிறம் சற்று அடர்த்தியாக இருக்கும். பிறகு கலவையை வடிகட்டுங்கள். வடிநீரும் இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சமாவது கரைந்திருப்பது உறுதி.

வெறும் தண்ணீர்க் குழாய் எதற்கு? திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, pH 6-க்கும் கீழே போயிருக்கலாம். ஒப்பிட ஒன்று இல்லாமல் ‘இந்த ஆக்சைடு லேசான அமிலம்’ என்று எழுதிவிடுவோம்.

நிறமே வரவில்லை என்றால் பொடியைப் பாருங்கள். மிக உயர்ந்த வெப்பநிலையில் சுட்ட, உலைச் செங்கலுக்குப் பயன்படும் வகை MgO தண்ணீரோடு வினைபுரியவே மறுக்கும். மெக்னீசியம் நாடாவை எரித்துச் சாம்பலைப் பயன்படுத்துவோருக்கு வேறு சிக்கல். காற்றிலுள்ள நைட்ரஜனோடும் அது சேர்ந்து கொஞ்சம் Mg₃N₂ உருவாகியிருக்கும். தண்ணீர் பட்டதும் அது அம்மோனியாவை விடும். அம்மோனியாவும் காரம்தான், அதனால் நிறத்தின் பெருமை முழுவதும் MgO-வுக்குச் சேராது. குழாயின் வாய்க்கு அருகே ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளைத் தொடாமல் பிடியுங்கள். நீலமானால் அம்மோனியா வருகிறது. கலவையைக் கொதிக்கவைத்து அதைப் போக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

படி 3: அலுமினியமும் சிலிக்கானும்

Al₂O₃, SiO₂ இரண்டும் தண்ணீரில் கரையாது, வினைபுரியாது. படி 1-இல் எழுதிய Al(OH)₃, Si(OH)₄ இங்கே நேரடியாக உருவாவதில்லை. எனவே மூன்றாவது கேள்விக்குப் போக வேண்டும்.

கடையில் வாங்கும் அலுமினாப் பொடியை எடுத்து அமிலத்தில் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நன்றாகச் சுட்ட அலுமினா அமிலத்திலும் காரத்திலும் கரையத் தயங்கும். அதன் ஹைட்ராக்சைடைப் புதிதாகச் செய்து பார்ப்பது எளிது. அதற்குப் படிகாரம் போதும்.

1 கிராம் படிகாரத்தை 20 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். நீர்த்த அம்மோனியாக் கரைசலை (2 M) சொட்டுச் சொட்டாக 4 மி.லி. வரை சேருங்கள். கூழ் போன்ற வெள்ளை வீழ்படிவு வரும், அதுதான் Al(OH)₃. இங்கே அம்மோனியாவுக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றினால், சற்று மிகுந்ததும் வந்த வீழ்படிவே மறைந்துவிடும். ‘எதுவும் வரவில்லையே’ என்று குழம்பிப்போவோம். வீழ்படிவு அடங்க 10 நிமிடம் விட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துவிடுங்கள். மீதியை இரண்டு குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் 2 M ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், மற்றதில் 2 M சோடியம் ஹைட்ராக்சைடையும் 5 மி.லி. வரை சேர்த்துக் குலுக்குங்கள். இரண்டுமே தெளிந்துவிடும்.

```
Al(OH)3 + 3HCl -> AlCl3 + 3H2O
Al(OH)3 + NaOH -> Na[Al(OH)4]
```

ஈரியல்பு என்றால் இதுதான். இரண்டாவது குழாயில் அம்மோனியா வாடை வந்தால் கவலை வேண்டாம். முழுதும் வடியாமல் தங்கிய அம்மோனியம் உப்பிலிருந்து வருகிறது.

சிலிக்கா அமிலத்தோடு இப்படி வினைபுரியாது (ஹைட்ரோபுளூரிக் அமிலம் மட்டும் விதிவிலக்கு). சூடான, செறிவான சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து சோடியம் சிலிகேட் தரும். எனவே அது அமில ஆக்சைடு, தண்ணீரில் pH 7 காட்டினாலும்கூட. இதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலுக்குக் கண்ணாடி மூடி போட்டால் நாளடைவில் ஒட்டிக்கொண்டு திறக்காது. காரம் கண்ணாடியிலுள்ள சிலிக்காவை மெல்ல அரித்து சிலிகேட் ஆக்கிவிடுவதால்தான் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி போடுகிறார்கள்.

படி 4: பாஸ்பரஸிலிருந்து குளோரின் வரை

இங்கே O²⁻ அயனி கிடையாது. சகப்பிணைப்பு மூலக்கூறுகள்தான். நீரின் ஆக்சிஜன், எலக்ட்ரான் குறைந்த P அல்லது S அணுவைப் பற்றிக்கொள்வதால் OH தொகுதிகள் அதோடு சேர்கின்றன. அந்த OH-இலிருந்து H⁺ பிரிவதால் கரைசல் அமிலமாகிறது.

P₄O₁₀ தண்ணீரில் விழுந்ததும் ‘உஸ்’ என்று சீறும். ஆசிரியர் செய்து காட்ட வேண்டிய சோதனை இது: 50 மி.லி. குளிர்ந்த நீரில் 0.2 கிராம் பொடி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். பொடிமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சில நூல்களில் H₃PO₄, சிலவற்றில் HPO₃ என்று இருப்பதைப் பார்த்து எது சரி என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் சரியே.

```
P4O10 + 2H2O -> 4HPO3     (குளிர்ந்த நீர், குறைவாக)
P4O10 + 6H2O -> 4H3PO4    (மிகுந்த நீர், கொதிக்கவைத்த பின்)
```

கந்தகத்தை எரித்தால் வருவது SO₂, SO₃ அல்ல. ஆகவே அந்தத் தண்ணீரில் H₂SO₄ என்று எழுதுவது தவறு. புகைக்கூண்டுக்குள், ஒரு வாயு சாடியில் 20 மி.லி. தண்ணீர் வையுங்கள். பச்சைப்பயறு அளவு கந்தகத்தை இரும்புக் கரண்டியில் பற்றவைத்து, நீலச் சுடருடன் சாடிக்குள் இறக்குங்கள். சுடர் அணைந்ததும் கரண்டியை எடுத்து, மூடிக் குலுக்குங்கள். நீல லிட்மஸ் சிவக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் இருக்கக் கூடாது. உருவாவதை H₂SO₃ என்று எழுதுகிறோம், ஆனால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. கரைசலில் பெரும்பகுதி SO₂-ஆகவே இருக்கிறது.

SO₂-வை SO₃ ஆக்க வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியும் 450 °C அளவு வெப்பமும் வேண்டும். SO₃ தண்ணீரோடு சேர்ந்தால் H₂SO₄ கிடைக்கும். ஆனால் தொழிற்சாலையில் நேரடியாகத் தண்ணீரில் விடுவதில்லை, விட்டால் அடங்காத அமில மூடுபனிதான் எழும். 98 சதவீத கந்தக அமிலத்தில் உறிஞ்சவைத்து, பிறகு நீர் சேர்க்கிறார்கள்.

Cl₂O₇ வெடிக்கக் கூடியது, தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: `Cl2O7 + H2O -> 2HClO4`. குளோரின் +1-இல் இருக்கும் Cl₂O தருவது HOCl. ஆர்கானுக்கு ஆக்சைடு இல்லை, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.