குரக்கன் மா கசக்குதா, புளிக்குதா? மணத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கும் முறை

ஆவணியில் மில்லில் திரித்த இரண்டு கிலோ குரக்கன் மா, கல்லடியில் எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. மாரி மழை ஓய்ந்து, தையில் பிட்டுக்கு எடுக்கலாம் என்று மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி மணம். "வறுத்தெடுத்தாச் சரியாகிடும் புள்ள" என்றார் பக்கத்து வீட்டு மாமி. வறுப்பதற்கு முன்னால் அந்த மாவை எப்படிப் பார்த்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆட்டா மாவுக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு விஷயம். குரக்கனையும் ஆட்டாவையும் தவிடு, முளை எல்லாம் சேர்த்தே திரிக்கிறார்கள். முளையில் எண்ணெய் இருக்கிறது. தானியம் உடையாமல் இருக்கும்வரை அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. திரித்ததும் லிபேஸ் என்ற நொதியம் அந்த எண்ணெயைக் கொழுப்பமிலங்களாக உடைக்கத் தொடங்குகிறது; கசப்பு அங்கிருந்து வருகிறது. பிறகு காற்றுப் பட்டுப் பட்டு, பழைய தேங்காய் எண்ணெய் போலவோ பெயின்ற் போலவோ காறல் மணம் ஏறுகிறது. வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டிருப்பதால் அது இவ்வளவு சீக்கிரம் காறாது.

புளித்த மணம் வேறு கதை. அது பெரும்பாலும் ஈரத்தால் வருவது. மாவில் ஈரம் ஏறினால் கிருமியும் பூஞ்சணமும் வளரும். நமக்குத் தெரிய வேண்டியது, நம் மா காறியதா, ஈரம் ஏறியதா என்பதுதான்.

1. மூக்கைக் கொண்டு போகாதீர்கள், கண்ணால் பாருங்கள். வெயில் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் மாவைப் பரப்புங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். வாளியின் அடியிலிருந்தும் சுவரோரம் இருந்த பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். பச்சை, சாம்பல், கறுப்புப் புள்ளி இருந்தால் சோதனை அத்தோடு முடிந்தது. மணந்தும் பார்க்க வேண்டாம், சுவைத்தும் பார்க்க வேண்டாம்.

2. விரலால் நசுக்குங்கள். இறுகி இருந்த மா லேசாக நசுக்கியதும் தூளானால் பயமில்லை. ஈரமாக ஒட்டிக்கொண்டு, உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணமோ பூச்சிக் கூடோ, இரண்டும் வேண்டாம். சிவப்பு வண்டு நிறையப் பெருகிய மாவும் கசக்கும். அந்த வண்டு விடும் சுரப்பு மாவுக்கு இளஞ்சிவப்பு நிறமும் நெடியும் கொடுத்துவிடும். அரிதட்டில் அரித்து வண்டை எடுக்கலாம், அந்தச் சுரப்பை எடுக்க முடியாது.

3. இதுவரை தப்பிய மாவுக்குச் சுடுநீர்ச் சோதனை. ஒரு மேசைக்கரண்டி மாவில் அரைக் கோப்பை கொதிநீர் ஊற்றி, இரண்டு நிமிடம் மூடி வைத்துத் திறந்து மணந்து பாருங்கள். மாவில் ஒளிந்திருக்கும் காறல் மணம் சூட்டில் மேலே வரும். பக்கத்தில் புது மாவையும் இப்படியே ஊற வைத்தால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

4. சந்தேகம் தீராவிட்டால் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ரொட்டி சுட்டு, ஒரு கடி கடித்துத் துப்பிவிடுங்கள். பச்சை மாவை வாயில் போட வேண்டாம், அதில் கிருமி இருக்கலாம். குரக்கனுக்கு இயல்பிலேயே கொஞ்சம் துவர்ப்பு உண்டு. துவர்ப்பு நாக்கை இழுக்கும். காறல் கசப்போ தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், இலேசில் போகாது.

சரி, கெடுதியா? காறிய மாவை ஒருநாள் தெரியாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனால் அதிலுள்ள விற்றமின் ஈ குறைந்திருக்கும்; தொடர்ந்து சாப்பிட ஏற்றதல்ல, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவே கூடாது. வறுத்தால் மணம் கொஞ்சம் பறக்கும், கசப்பு அப்படியே நிற்கும். பூஞ்சணம் பிடித்த மா அப்படியல்ல. சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் போன்ற நஞ்சுகளை விடுகின்றன. அவை ஈரலைத் தாக்குபவை, வறுத்தாலும் அவித்தாலும் முழுதாக அழிந்து போகாதவை. அரித்துக் கட்டியை எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பதும் உதவாது, நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

எங்கள் வாளியில் மேல் பாதி காய்ந்த மா, காறல் மணம் மட்டும். அடியில், சுவரோரம், ஈரக் கட்டியும் சாம்பல் புள்ளியும். முழுவதையும் கொட்டினேன். "கோழிக்காவது போடேன்" என்றார் மாமி. அதுவும் வேண்டாம். 1960 இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அஃப்ளாடொக்சினைக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகுதான். வளவில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது குரக்கனைத் தானியமாகவே வாங்கி, கழுவி நன்றாகக் காயவைத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் திரிக்கிறேன். மில்லிலிருந்து வந்த மா சூடாக இருக்கும். ஆறும் முன் மூடினால் மூடியில் வியர்த்து உள்ளே சொட்டும். ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் போட்டு, சுவரில் ஒட்டாமல் பலகை மேல் வைக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் மட்டும் டின் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடும்.